வாயில்லாப் பூச்சி விடைபெறுகிறது

பிரிவு உபசாரப் படத்துக்குக் கீழே போட மூன்று வரிதான். எழுதிக் கொடுத்தவர் எங்கள் குழுவிலேயே குறும்பான ஆள். “எங்க வாயில்லாப் பூச்சி இன்னையோட விடைபெறுது. திட்டு வாங்கினவங்க எல்லாரும் கண்ணைத் துடைச்சுக்கோங்க. போயிட்டு வாங்க அக்கா.” தமிழ் தெரியாத சகாக்களுக்காக இதை ஆங்கிலத்தில் தர வேண்டியது என் வேலை. அக்காவைத் தெரிந்தவர்களுக்கு முதல் வரியிலேயே சிரிப்பு வந்துவிடும், ஏனென்றால் அந்தப் பூச்சிக்கு இருந்த வாய் அப்படி.

சிரமம் பூச்சியில் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. “விடைபெறுது” என்று அஃறிணையில் ஆரம்பித்து, கடைசியில் “வாங்க” என்று மரியாதைக்கு வந்து நிற்கிறதே, அந்த நகர்வில்தான் பாசம் இருக்கிறது. பெரியவரை “அது” என்று சொல்லும் உரிமை எடுத்துக்கொண்டு, உடனே குனிந்து கும்பிடுவது மாதிரி. ஆங்கில வினைச்சொல்லில் இதற்கு இடமே கிடையாது. வினை முடிவில் போனதை வேறு எங்காவது ஈடுகட்ட வேண்டும், ஒரு செல்லப்பெயரிலோ, வரியின் தொனியிலோ.

அதனால் பூச்சியை அப்படியே பெயர்க்காமல் ‘ஷை லிட்டில் மௌஸ்’ என்று வைத்தேன். நேரடியாகப் போட்டால் வாயில்லாத ஒரு ஜந்து என்றுதான் படிப்பார்கள், அருவருப்பு வரும், செல்லம் வராது. சுண்டெலி என்றால் அவர்களுக்கும் சாதுவான ஆள்தான், உருவமும் சின்னதுதான். இரண்டாவது வரியில் திட்டு யாரிடம் வாங்கியது என்று தமிழ் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. ஆங்கிலத்தில் ‘அவரிடம்’ என்று சேர்த்தே ஆக வேண்டியிருந்தது. ‘ஸ்கோல்ட்’ என்று போட்டால் பள்ளிக்கூட வாடை அடிக்கும், ‘டோல்ட் ஆஃப்’ என்றேன். “போயிட்டு வாங்க”வுக்கு ‘குட்பை’ போட மனம் வரவில்லை, அதில் திரும்பி வரும் பேச்சே இல்லை. வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்ற அர்த்தத்தில் எழுதி, ‘அக்கா’வை மட்டும் அப்படியே விட்டேன். சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரியோ செவிலியரோ என்று நினைப்பார்கள்.

அனுப்புவதற்கு முன் பார்த்த மேலாளர், தமிழ் தெரியாதவர், கேட்டார்: “ஓய்வு பெறும் ஒரு சீனியர் பெண்மணியை எலி என்று போடலாமா?” கிண்டல் என்றேன். “எனக்குப் புரிகிறது, வேறு ஊர் அலுவலகத்தில் படிப்பவருக்கு?” அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அக்காவின் குரலைக் கேட்டே இராதவருக்கு அந்த வரி வெறும் எலிதான். கிண்டல் பலிக்க, படிப்பவருக்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் “அமைதிக்குப் பேர்போன நம் சக ஊழியர்” என்பது போல ஆங்கிலத்தில் மாற்றினேன்.

எழுதியவர் படித்துவிட்டுச் சொன்னது: “இது ஜோக்குன்னு பக்கத்துல சீட்டு எழுதி ஒட்டின மாதிரி இருக்கு.”

அதற்கு நான் சொன்ன பதில் இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. “உங்க வரி தெரிஞ்சவங்களுக்கு. என் வரி தெரியாதவங்களுக்கு” என்றேன். அவர் விடவில்லை. “தெரியாதவங்களுக்கு எதுக்கு இந்தப் படம்?” என்றார்.

சரி, அவர் கேள்வி சரிதான். ஆனால் படம் எல்லாருக்கும் போகிறது, அதை நான் முடிவு செய்யவில்லை. ‘பேர்போன’ என்ற சொல் கிண்டலுக்குக் கொடி காட்டுகிறது என்பதும் உண்மை, தமிழில் அந்தக் கொடி கிடையாது, படிப்பவர் தானாகவே கண்டுபிடித்துச் சிரிக்கிறார். அதைப் பறித்துக்கொண்டேனா என்று கேட்டால், ஆமாம் போலத்தான் இருக்கிறது. ஆனால் இன்று கொடுத்தாலும் எலியை நீக்கிவிட்டுத்தான் அனுப்புவேன். ஒருவரைப் பற்றித் தப்பாகப் புரிந்துகொள்வதைவிடச் சிரிப்பு குறைவது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. சில நாளில் இதுவே கோழைத்தனமாகவும் தோன்றுகிறது.

அக்கா இரண்டையும் படித்தார். “தமிழ்ல கலாய்ச்சிருக்கீங்க, இங்கிலீஷ்ல பாராட்டியிருக்கீங்க, எதை நம்பறது?” என்று கேட்டுச் சிரித்தார். அதில் குறை இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை.

நான் ரொம்ப யோசிக்காமல் விட்ட ‘அக்கா’தான் எல்லாரிடமும் போய்ச் சேர்ந்தது, அதுவும் வேறு மாதிரி. வேறு ஊரிலிருந்து ஒருவர் “அன்புள்ள மிஸ் அக்கா” என்று வாழ்த்து அனுப்பியிருந்தார், அது அவர் பெயர் என்று நினைத்து. உறவுச்சொல்லை அப்படியே விடும்போது முன்னால் பெயரைப் போட்டால் இந்தக் குழப்பம் வராது, பெயருக்குப் பின்னால் வருவது உறவு என்று பெரும்பாலோர் ஊகித்துவிடுவார்கள். அடுத்த படத்துக்கான வரியில் அப்படிச் செய்தேன். அக்கா மட்டும் அந்த வாழ்த்துக்கு மிஸ் அக்கா என்றே கையெழுத்துப் போட்டுப் பதில் அனுப்பினார்.