உப்பு ஜாடியும் இரண்டு ரிமோட்டும்: ஒரு பொன்விழா நாட்குறிப்பு

31 ஆகஸ்ட் 2025, ஞாயிறு. மஞ்சக்குப்பம், கடலூர்

தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் கல்யாணமாகி வருகிற 10ஆம் தேதியோடு ஐம்பது வருடம் முடிகிறது. 1975 செப்டம்பர் 10, புதன்கிழமை. இந்த வருடமும் அந்தத் தேதி புதனில்தான் விழுகிறது. எல்லோருக்கும் வேலை நாள் என்பதால் அன்றைக்குக் கோயிலோடு சரி. விருந்து 14ஆம் தேதி, ஞாயிறு மதியம்.

பேரப்பிள்ளைகள் ஐந்து பேரும் சேர்ந்து மேடையில் ஏதாவது பேச வேண்டும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். புதுச்சேரியில் இருக்கும் அத்தை மகனின் பக்கத்து வீட்டில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம் இருக்கிறது. அவர்கள் வீட்டு விசேஷத்தில் கிளாசைக் கையில் பிடித்தபடி இரண்டு நிமிடம் கிண்டல் செய்துவிட்டு, கடைசியில் வாழ்த்திக் குடிப்பார்களாம். நாமும் அதையே பன்னீர் சோடாவை வைத்துச் செய்வோம் என்றான். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எதைக் கிண்டல் செய்வது என்று யாரும் கேட்கவே இல்லை. இந்த வீட்டில் தினமும் நடப்பது இரண்டு சண்டை. மதியம் உப்பு, ராத்திரி ரிமோட்.

4 செப்டம்பர், வியாழன்

எழுத உட்கார்ந்தால் "எப்பப் பார்த்தாலும் சண்டை போடுவாங்க" என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. அதைக் கேட்டு யார் சிரிப்பார்கள்? சரி, சண்டை எப்படி ஆரம்பிக்கிறது என்று பக்கத்தில் இருந்தே பார்ப்போம் என்று சமையலறையில் போய் உட்கார்ந்தேன்.

இன்று சங்கரா மீன் குழம்பு. ஆயா கரண்டியால் குழம்பை எடுத்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, ஊதி, நக்கிப் பார்த்தார். ஜாடியில் கையை விட்டுக் கல் உப்பில் ஒரு சிட்டிகை எடுத்தார். பாதியை மறுபடி ஜாடியிலேயே உதிர்த்துவிட்டு மீதியை மட்டும் போட்டார். அந்தப் பாதி தாத்தாவின் இரத்த அழுத்தத்துக்காக. உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னதிலிருந்து இப்படித்தான்.

தாத்தா அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு சாப்பிடுகிறவர். ஆயா எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, குழம்பு ஆறிய பிறகு சாப்பிடுகிறவர். கொதிக்கக் கொதிக்கச் சாப்பிட்டால் உப்பு குறைவாகத் தெரியும், ஆறினால் ஏறித் தெரியும். சமைக்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். ஆக, தாத்தா "உப்பே இல்ல" என்பதும் நிஜம், ஆயா "கூடவே இருக்கு" என்பதும் நிஜம். ஒரே குழம்பு, நடுவில் ஒரு மணி நேரம்.

சண்டை உச்சத்துக்குப் போனது மாமா பொடி உப்பு வாங்கி வந்த மாதத்தில். கல் உப்பில் கல்லுக்குக் கல் இடைவெளி இருக்கும், பொடியில் இருக்காது. அதே கரண்டி அளவுக்குப் பொடியைப் போட்டால் உப்பு தூக்கலாகிவிடும். அந்த மாதம் மட்டும் தாத்தா "கரிக்குது" என்றார், ஆயா "இப்பயாவது உப்பு தெரிஞ்சுதா" என்றார். அப்புறம் பொடி உப்பு கோலமாவு டப்பாவுக்குப் பக்கத்தில் போய்விட்டது. கல் உப்பு திரும்ப வந்தது.

இன்னொன்று சித்தி சொன்னார். அமாவாசைக்குப் படைக்கும்போது ஆயா ருசி பார்க்கமாட்டார், எல்லாமே கைக்கணக்கு. அன்றைக்கு மட்டும் தாத்தா வாயே திறக்கமாட்டார். இதை அப்படியே குறித்துக்கொண்டேன். எங்களுக்கு வேண்டியது இந்த மாதிரி விஷயம்தான்.

7 செப்டம்பர், ஞாயிறு

இன்று பௌர்ணமி, முழுச் சந்திர கிரகணம். ராத்திரி பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் பிடிக்கிறது என்பதால் ஆயா இருட்டுவதற்கு முன்பே சமைத்து, எல்லோரையும் சாப்பிட வைத்து, தண்ணீர்க் குடத்திலும் உப்பு ஜாடியிலும் தர்ப்பை போட்டுவிட்டார். அவசரத்தில் தாத்தா உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் முழு நேரமும் ரிமோட்டுக்குப் போனது.

இந்த வீட்டு டிவியைப் பற்றி வெளியாட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரிமோட் இரண்டு. செட்டாப் பாக்ஸ் ரிமோட் சேனலை மாற்றும். டிவி ரிமோட் ஆயாவின் மருந்துக்கடை பிளாஸ்டிக் கவருக்குள் ரப்பர் பேண்ட் போட்டு இருக்கும், அதில் சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். என்றைக்கோ நடந்த ஒரு பெரிய சண்டையின் முடிவில் செட்டாப் பாக்ஸ் ரிமோட் ஆயாவுக்கு, டிவி ரிமோட் தாத்தாவுக்கு என்று பாகம் பிரிந்தது. இன்று வரை மாறவில்லை.

கிரகணத்தை நேரலையில் பார்க்க வேண்டும் என்று தாத்தா. சீரியல் முடியட்டும் என்று ஆயா. தாத்தா உடனே சத்தத்தை நிறுத்தினார். ஆயா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நியூஸ் சேனலுக்குப் போனார். நிலாவைப் பார்த்ததும் தாத்தா அவசரமாகச் சத்தத்தைத் திருப்பி வைத்தார். வைத்த அடுத்த நொடி ஆயா சீரியலுக்கே திரும்பிவிட்டார், இப்போது சத்தத்தோடு. நான் நோட்டை எடுக்க ஓடினேன்.

மெட்ராஸில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. இவர்கள் கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட முன்னால் இல்லை. ஆனாலும் ஆரம்பத்தில் இந்தச் சண்டை கிடையாது. இந்த வீட்டுக்கு டிவி வந்ததே பல வருடம் கழித்துத்தான். அதுவும் திருகுகிற டிவி. எழுந்து போய்த் திருக வேண்டியது அப்பாவும் அத்தையும். உட்கார்ந்த இடத்திலிருந்தே மாற்றலாம் என்று ஆன பிறகுதான் வினையே.

10 செப்டம்பர், புதன்

காலையில் பாடலீஸ்வரர் கோயிலில் அர்ச்சனை. ஆயா அரக்குப் பட்டு, தாத்தா புது வேட்டி. திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் காபி குடித்துவிட்டு வந்தோம். மதியம் உப்பு குறைவு.

13 செப்டம்பர், சனி

எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினோம். சிரித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். "ஆயா குழம்புல உப்பைத் தேடணும்" என்று தம்பி எழுதிய வரி. நமக்கு அது வீட்டுக் கதை, ஆனால் நாளைக்குச் சம்பந்தி வீட்டார் முன்வரிசையில் இருப்பார்கள், அவர்கள் காதில் "இந்த அம்மாவுக்குச் சமைக்கத் தெரியாது" என்றுதான் விழும் என்றார். ஆயாவும் சிரிப்பார், ராத்திரி படுக்கும்போது நினைப்பார். அந்த வரி போனது. அதே விஷயத்தைத் தாத்தா பக்கமிருந்து சொன்னோம்: உப்பு இல்லை என்கிறவர் எத்தனை முறை குழம்பு கேட்கிறார் என்று. அதற்குச் சம்பந்தியும் சிரிக்கலாம், ஆயாவும் நிமிர்ந்து உட்காரலாம்.

தாத்தாவின் காது பற்றி இருந்ததையும் எடுத்தோம். டிவி சத்தம் கூடுவது அதனால்தான், அது அவருக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம். இரத்த அழுத்தமும் வேண்டாம் என்று முடிவு. அதைச் சொன்னால் சாப்பிடவிடாமல் ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். மிச்சம் இருந்ததில் உப்பில் ஆயா ஜெயிக்கிறார், ரிமோட்டிலும் ஆயா ஜெயிக்கிறார். தாத்தா ரொம்பத் தோற்கக் கூடாது என்று கடைசி வார்த்தையை அவருக்கு விட்டுவிட்டோம். மைக்கை அவர் கையில் கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு.

14 செப்டம்பர், ஞாயிறு

இலை போட்ட பிறகு யாரும் பேச்சைக் கேட்கமாட்டார்கள் என்பதால் பந்திக்கு முன்பே வைத்துக்கொண்டோம். எல்லோர் கையிலும் பன்னீர் சோடா. நான் ஆரம்பித்தேன்.

"எங்க வீட்டு டிவிக்கு ரெண்டு ரிமோட். ஒண்ணு சேனல் மாத்தும், அது ஆயா கையில. இன்னொண்ணு சத்தம் வைக்கும், அது தாத்தா கையில."

தம்பி: "ஆயா சீரியல் வைப்பாங்க. மாமியார் அழ ஆரம்பிச்சதும் தாத்தா சத்தத்தை நிறுத்திடுவார்."

சித்தி மகள்: "ஆயா ஒண்ணும் பேசமாட்டாங்க. நியூஸுக்குப் போவாங்க. தாத்தா ஆசையா சத்தத்தை வைப்பார். வெச்ச உடனே, சீரியல்!"

மண்டபம் சிரித்ததில் அடுத்த வரி யாருக்கும் கேட்டிருக்காது. சிரிப்பு அடங்கும் வரை வாயைத் திறக்காதே என்று அத்தை மகனிடம் சொல்லி வைத்திருந்தோம், அவன் சோடாவை ஒரு வாய் குடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"சாப்பாட்டுல முதல் வாய்க்குத் தாத்தா 'உப்பு இல்ல'ம்பார். ரெண்டாவது வாய்க்கு 'பரவால்ல'ம்பார். மூணாவது தடவை குழம்பு கேக்கறப்ப ஆயா, 'உப்பில்லாத குழம்பு உங்களுக்கு எதுக்குங்க'ன்னு சட்டியோட உள்ள போயிடுவாங்க. அமாவாசையில மட்டும் ஆயா ருசி பார்க்காம சமைப்பாங்க. அன்னிக்கு முதல்ல சாப்பிடறது காக்கா. காக்காவும் குறை சொல்லாது, தாத்தாவும் குறை சொல்லமாட்டார்."

சம்பந்தி அம்மா ஆயாவின் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். ஆயா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கடைக்குட்டி நாற்காலி மேல் ஏறி, "தாத்தா ஆயாவுக்கு! எல்லாரும் சோடாவைத் தூக்குங்க!" என்று கத்தினாள். எல்லோரும் தூக்கினார்கள், பெரியப்பாவுக்கு மட்டும் சட்டையில் கொட்டியது.

தாத்தா மைக்கை வாங்கினார். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. அம்பது வருஷமா நான் தினமும் நினைக்கிறேன். வாய்விட்டே நினைக்கிறேன்" என்றார். ஆயா மைக் இல்லாமலேயே, "நினைச்சது போதும், பசங்க பசியா இருக்குதுங்க, பந்தியைப் போடச் சொல்லுங்க" என்றார். அது பின்வரிசை வரைக்கும் கேட்டது.

15 செப்டம்பர், திங்கள்

நேற்று ராத்திரி இந்தியா பாகிஸ்தான் ஆசியக் கோப்பை ஆட்டம். ஊர்க்காரர்களை வழியனுப்பியதில் தாத்தா பார்க்கவில்லை. இந்தியா ஏழு விக்கெட்டில் ஜெயித்ததைக் காலைப் பேப்பரில்தான் படித்தார்.

இன்று மாலை ஆயா சீரியல் வைத்ததும் தாத்தா வழக்கம்போல் சத்தத்தை நிறுத்தினார். ஆயா நியூஸுக்குப் போனார். தாத்தா ரிமோட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு, "அதான் பசங்க எல்லாத்தையும் போட்டுக் கொடுத்துட்டாங்களே, நான் வைக்கமாட்டேன்" என்றார். ஆயா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சேனல் சேனலாகத் தள்ளிக்கொண்டே போய் நேற்றைய ஆட்டத்தின் ஹைலைட்ஸில் நிறுத்தினார். தாத்தா சட்டென்று சத்தத்தை வைத்தார்.

இப்போது சீரியல் ஓடிக்கொண்டிருக்கிறது.