யார் குடும்பம் சார்?

"பெரிய குடும்பம் மாதிரின்னு போட்டிருக்கே, யார் குடும்பம் சார்?" என்று கேட்டார் வார்ப்புப் பட்டறை ஃபோர்மேன். "பொதுவா நெனச்சுப் போடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

கோவையில் ஒரு பம்ப் கம்பெனி. பெரியவர் ஒதுங்கிச் சின்னவர் பொறுப்பேற்கும் முன், நிறுவனப் பண்பாட்டை அளந்து தரும் வேலை எனக்கு. கேமரனும் குவினும் வகுத்த வினாத்தாளைத் தமிழாக்கி 20 பேரிடம் கொடுத்தேன். குடும்பத்தார் 4, ஊழியர் 16. ஆறு தலைப்பு, ஒவ்வொன்றிலும் நான்கு வாசகம்: குடும்பப் பாங்கு, புதுமை, சந்தைப் போட்டி, விதிமுறை. 100 மதிப்பெண்ணை நான்குக்கும் பிரித்துப் போட வேண்டும். இன்றைய நிலைக்கு ஒரு கட்டம், வரும் காலத்தில் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொன்று.

முதல் தலைப்பின் முதல் வாசகம்தான் அந்தப் 'பெரிய குடும்பம்'. வேறு நிறுவனங்களில் அது ஓர் உவமை. இங்கே முதலாளி வீட்டுக்காரர்கள் நேரில் நடமாடுகிறார்கள். உவமை எப்படி நிற்கும்?

இன்றைய கட்டத்தின் சராசரியில் குடும்பப் பாங்கு 37, விதிமுறை 31. "ஒட்டுறவுதான் இந்தக் கம்பெனியின் பலம், அதைக் குலைக்காதீர்கள்" என்று சின்னவருக்கு எழுதிக் கொடுத்தேன். அவரும் கொள்முதல் ஒப்புதல், சம்பள உயர்வு எல்லாவற்றையும் அப்பா மாதிரியே வாய்வார்த்தையாக நடத்தினார். எட்டு மாதத்தில் ஃபோர்மேன் வேலையை விட்டு நின்றுகொண்டார்.

அப்புறம்தான் தாள்களைத் தலைப்புவாரியாகப் பிரித்தேன். குடும்பத்தார் ஆறு தலைப்பிலும் குடும்பப் பாங்குக்கு 57-ஐ ஒட்டியே போட்டிருந்தார்கள். ஊழியர் சராசரி முதல் தலைப்பில் 64, மற்ற ஐந்தில் 26. ஒரே ஆட்களிடம் ஒரு வரி மட்டும் இப்படித் துள்ளினால், கேள்வியை வேறு அர்த்தத்தில் படித்திருக்கிறார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். 'இது அவர்கள் வீட்டுச் சொத்து' என்று படித்திருக்கலாம். அந்தத் தலைப்பை நீக்கிக் கூட்டினால் குடும்பப் பாங்கு 32-க்கு இறங்கி, விதிமுறை 34-க்கு ஏறுகிறது. என் அறிக்கையின் முதல் வரியே தலைகீழ்.

ஊழியரைத் தனியாகப் பிரித்துக் காட்டியிருந்தால், யார் என்ன போட்டார்கள் என்று பெரியவர் துருவியிருப்பார். பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால்தான் மொத்தச் சராசரி. இந்தச் சமாதானம் பாதி உண்மை. நேரமும் இல்லை, மொத்தச் சராசரியை வைத்துப் போட்ட வரைபடமும் அழகாக வந்திருந்தது.

வாசகத்தை மாற்றியிருக்கலாமா? மாற்றினால் அது அந்த வினாத்தாளே இல்லை, வேறு நிறுவனங்களோடு ஒப்பிட முடியாது என்று அன்று நினைத்தேன். யாரோடு ஒப்பிடப் போனேன் என்று இன்று தெரியவில்லை. ஃபோர்மேன் நின்றதற்குச் சம்பளமும் காரணமாக இருக்கலாம், அதையெல்லாம் என் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம்தான்.

அவர் தாளை அவரே கையில் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வரிக்கு இன்றைய கட்டத்தில் 70, வரும் காலக் கட்டத்தில் 10. விதிமுறை கேட்கிறார் என்று பிறகு புரிந்துகொண்டேன். சின்னவர் அப்பா மாதிரி இருக்கக் கூடாது என்று கேட்டாரா, சின்னவரே வேண்டாம் என்றாரா? அன்று நானும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.