ரேபிஸ் ஊசிச் சான்றில் ஒரு வரி: கட்டம் கட்டமாக

பெங்களூரில் அல்சூர் பக்கம் இருக்கும் எங்கள் கால்நடை கிளினிக்கில் தடுப்பூசி அட்டையைப் புதிதாக வரைய உட்கார்ந்தபோது, முதலில் பழைய அட்டைகளை மேசைமேல் பரப்பினோம். எல்லாவற்றிலும் நான்கே கட்டங்கள்: தேதி, ஊசி, அடுத்த தேதி, கையெழுத்து. ஊருக்குள் இருக்கும்வரை இதுவே ஓடிவிடும். வேலை மாறி ஜெர்மனிக்குப் போகிறவர்கள் நாயையும் கூட்டிப்போகக் கிளம்பும்போதுதான் மாட்டிக்கொள்வார்கள். "ஊசி போட்டாச்சு, அட்டையும் இருக்கு, அப்புறம் என்ன டாக்டர்?" என்பார்கள்.

என்னவென்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ரேபிஸ் ஊசி மார்ச் 4, மைக்ரோசிப் மார்ச் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி சிப் ஊசிக்கு முன்போ அதே நாளிலோ இருக்க வேண்டும். சிப் இல்லாத நாளில் போட்ட ஊசி இந்த நாய்க்குத்தான் போட்டது என்பதற்கு ஆதாரம் இல்லையே. ஆகவே அந்த ஊசி கணக்கில் வராது. மே மாதம் இதைக் கண்டுபிடித்து மே 10 அன்று மறுபடி போட்டால், 30 நாள் கழித்து ஜூன் 9 அன்று ரத்தம் எடுக்கலாம். ரத்தத்தில் எதிர்ப்புத்திறன் மி.லி.க்கு 0.5 அலகாவது இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருந்து, செப்டம்பர் 9-க்குப் பிறகுதான் பயணம். சிப்பை மார்ச் 4 அன்றே போட்டிருந்தால் ஜூலை 3-க்கே கிளம்பியிருக்கலாம்.

அதனால் புது அட்டையில் சிப்புக்குத்தான் முதல் இடம்: எண், போட்ட தேதி, போட்ட இடம். 15 இலக்கத்தையும் ஒரே கோடாக எழுதவிட்டால் கட்டாயம் ஒன்று விழுந்துவிடும் அல்லது இடம் மாறும். மும்மூன்றாக ஐந்து தொகுதிக் கட்டங்கள் போட்டோம். ஊசி போடும் ஒவ்வொரு முறையும் ஸ்கேனரால் படித்து, திரையில் வரும் எண்ணை அட்டையோடு ஒப்பிட்ட பிறகே மருந்தை உறிஞ்ச வேண்டும். 'பழுப்பு நிறம், நாட்டு நாய்' என்பது அடையாளமே இல்லை. இந்த ஊரில் பாதித் தெருநாய்கள் அப்படித்தான். காதுமடலில் வெட்டு, வெள்ளைக் கால் மாதிரி ஏதாவது எழுதுங்கள்.

அடுத்து மருந்து. வணிகப் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், மருந்தின் காலாவதி, நான்கும் வேண்டும். ஒற்றை டோஸ் குப்பியின் லேபிளை உரித்து ஒட்டிவிடலாம். பத்து டோஸ் குப்பியில் லேபிள் ஒன்றுதான். முதல் நாய்க்கு ஒட்டிவிட்டால் மற்ற ஒன்பதுக்கும் கட்டம் காலி. அதில் கையால் எழுதியே ஆக வேண்டும். டிஸ்டெம்பர், பார்வோ கூட்டு ஊசியில் உலர் மருந்துக்கு ஒன்று, அதைக் கரைக்கும் லெப்டோ திரவத்துக்கு ஒன்று என இரண்டு லேபிள்கள் வரும். கட்டம் இரண்டுக்கும் இடம் தர வேண்டும்.

எங்களுக்குள் நிறைய வாக்குவாதம் வந்தது 'அடுத்த தேதி' கட்டத்தில்தான். திரும்ப வரச்சொல்லும் நாள் வேறு, பாதுகாப்பு செல்லுபடியாகும் கடைசி நாள் வேறு. முதல் ரேபிஸ் ஊசி ஐரோப்பிய விதிப்படி 21 நாள் கழித்தே செல்லுபடியாகும். பூஸ்டர் கடைசி நாளைத் தாண்டி ஒரு நாள் தள்ளினாலும் அது மறுபடி முதல் ஊசி ஆகிவிடும், பழைய ரத்தப் பரிசோதனையும் வீண். எனவே மூன்று கட்டங்கள்: 'செல்லத் தொடங்கும் நாள்', 'செல்லும் கடைசி நாள்', 'வர வேண்டிய நாள்'. மாதத்தை எண்ணில் எழுதுவதில்லை. 04/03 என்பதைச் சிலர் ஏப்ரல் 3 என்று படிப்பார்கள்.

சிகிச்சைப் பதிவில் ஒரே பிடிவாதம்: மருந்து வரியில் மி.லி. மட்டும் எழுதக் கூடாது. 12.5 கிலோ நாய்க்கு மெலாக்சிகாம் கிலோவுக்கு 0.2 மி.கி. வீதம் 2.5 மி.கி. மி.லி.க்கு 5 மி.கி. உள்ள குப்பியில் அது 0.5 மி.லி. பதிவில் வெறும் '0.5 மி.லி.' என்று இருந்து, அடுத்தவர் மாட்டுக்கான, மி.லி.க்கு 20 மி.கி. உள்ள குப்பியை எடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போகும். குடலும் சிறுநீரகமும் அதைத் தாங்காது. அதனால் அன்றைய எடை, மருந்தின் செறிவு, மி.கி., மி.லி., செலுத்திய வழி, நேரம், போட்டவர் முதலெழுத்து என்று ஒரே வரியில் வைத்தோம். ஊசி போட்ட பக்கமும் உண்டு; பூனைக்கு ரேபிஸ் என்றால் வலது பின்னங்காலின் கீழ்ப்பகுதி என்று வழக்கப்படுத்திக்கொண்டால், பின்னால் அங்கே கட்டி வந்தால் எந்த ஊசி என்று தேடவேண்டாம்.

பிழை விழுந்தால் வெள்ளை மை தடவாதீர்கள். ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான எண், தேதி, முதலெழுத்து. சான்றில் அப்படித் திருத்துவதைவிட அதை ரத்து செய்து புது வரிசை எண்ணில் எழுதித் தருவது மேல். அந்த எண்ணும், மருத்துவரின் கவுன்சில் பதிவு எண்ணும், முத்திரையும் சான்றில் இருக்கும். வரிசை எண் மட்டும் அதே நாளின் சிகிச்சைப் பதிவிலும் ஏறும்.