எதிரொலிக்குள் ஒரு வான்வெளி

விண்வெளியில் மிதப்பது போன்ற ராக் இசையான ஸ்பேஸ் ராக் பிடிக்கும் என்றால் பிங்க் ஃப்ளாய்டின் 1971 ஆல்பம் ‘மெடில்’, அதில் முதல் பாட்டைக் கேளுங்கள். முதலில் வெறும் காற்று. அப்புறம் பேஸ் கிட்டார். அது பின்சன் எக்கோரெக் என்ற இத்தாலிய எதிரொலிக் கருவி வழியாக வருகிறது. ஒவ்வொரு தட்டும் உள்ளே சுழலும் காந்த வட்டில் பதிந்து, பதிந்ததை வாசித்து ஒலிக்க வைக்கத் தள்ளித் தள்ளி இருக்கும் ஹெட்டுகளில் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. விரல் ஒரு முறை தட்டினால் காதில் குதிரைப் பாய்ச்சல்! சுருதி பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்பதால்தான் பழைய எதிரொலி புதிய தட்டோடு மோதுவதில்லை. வாசிப்பவரின் வேகம் கொஞ்சம் பிசகினாலும் எல்லாம் குழம்பிவிடும்.

இதே குழு 1967-இல், மயக்கக் கனவு போன்ற இசைப் பாணியான சைக்கெடெலியாவின் உச்சத்தில், வியாழன், சனி என்று பெயர் சொல்லிப் பாடியது. இங்கே ஒரு கோளின் பெயர்கூட இல்லை. எனக்கு இதுதான் அதிக தூரம் போகிறது.