படத்தில் வெட்டுப்பட்ட கடைசி வரி

திருகோணமலையில் தமிழ்ப் பாடம் எடுக்கிற எனக்கு, பரீட்சைக் காலம் வந்தால் பின்னேரங்களில் போன் நிறைய வினாத்தாள் படங்கள்தான். "சேர், இதை ஒருக்கா பாருங்கோ" என்று கேள்வியின் படமும் எழுதிய விடையின் படமும் சேர்ந்து வரும். இதில் அதிகம் தப்பிப்போவது அறிவித்தல். கட்டுரை என்றால் பயந்து கவனமாக எழுதுகிற பிள்ளைகள், அறிவித்தல் தானே, ஐம்பது சொல் தானே என்று ஒரு மூச்சில் எழுதிவிடுகிறார்கள்.

அண்மையில் தரம் 11 பிள்ளை ஒருத்தி பயிற்சிக்கு எடுத்தது கொஞ்சம் பழைய கேள்வி. சுவாமி விபுலானந்தர் நினைவு தினத்தையொட்டி 19.07.2024 அன்று பாடசாலையில் சிறப்புக் காலைக் கூட்டம் நடக்கவிருக்கிறது, அதற்கு அறிவித்தல் எழுத வேண்டும். படத்தில் மேல்பகுதி நல்ல தெளிவு, கடைசி வரி பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. அவள் விடையின் அடியில் "இப்படிக்கு" போட்டு, தன் சொந்தப் பெயரையே எழுதிக் கையெழுத்தும் வைத்திருந்தாள்.

முழுப் பக்கத்தையும் திரும்ப எடுத்து அனுப்பச் சொன்னேன். வெட்டுப்பட்ட இடத்தில் இருந்தது, "தமிழ் மன்றச் செயலாளர் என்ற வகையில்" என்பது. யார் ஒப்பமிடுவது என்பதை அந்த வரிதான் சொல்கிறது, அது பெரும்பாலும் கேள்வியின் கடைசியில்தான் கிடக்கும். பொதுப் பரீட்சை விடைத்தாளில் சுட்டெண்ணைத் தவிர உங்களை அடையாளம் காட்டுகிற எதுவும் இருக்கக்கூடாது, அதனால் சொந்தப் பெயர் அங்கே சரிவராது. "ஒப்பம்" என்று அடைப்புக்குறிக்குள் போட்டு, கீழே பதவியும் மன்றமும் எழுதினால் போதும்.

அடுத்தது திகதி. ஓர் அறிவித்தலில் இரண்டு திகதி இருக்கும், ஒன்று அறிவித்தல் போட்ட நாள், மற்றது கூட்டம் நடக்கும் நாள். அவள் மேலேயும் 19.07.2024 என்றே போட்டுவிட்டாள், கேள்வியில் கண்ணில் பட்ட ஒரே திகதி அதுதானே. ஆனால் அதே விடையில் "பேச விரும்புவோர் 17ஆம் திகதிக்கு முன் பெயர் தரவும்" என்றும் இருக்கிறது. 19ஆம் திகதி பலகையில் ஒட்டிய தாளைப் பார்த்துவிட்டு 17ஆம் திகதிக்கு முன் எப்படிப் பெயர் கொடுப்பது? திருத்துகிறவர் முதலில் பிடிப்பது இதைத்தான். நான் 15ஆம் திகதி போடச் சொன்னேன். அது திங்கட்கிழமை, பெயர் கொடுக்கப் பிள்ளைகளுக்கு நாள் இருக்கும், கூட்டம் வெள்ளிக்கிழமை. கிழமையும் சேர்த்து எழுதுவதென்றால் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், திகதியும் கிழமையும் முட்டிக்கொண்டால் வாசிக்கிறவர் எதை நம்புவார்?

தலைப்புக்கு அவள் "காலைக் கூட்டம்" என்று மட்டும் போட்டிருந்தாள். மேலே "அறிவித்தல்" என்று தனியாக வரவேண்டும், பொருள் அதன் கீழே. சரி, இது சின்ன விஷயம். உள்ளே இருந்ததுதான் பெரிய சிக்கல். விபுலானந்தர் காரைதீவில் பிறந்தது, யாழ்நூல் எழுதியது, இங்கே திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கூட்டம் எத்தனை மணிக்கு என்பதை விட்டுவிட்டாள். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அவரைப் பற்றி எழுத ஆசை வருவது நியாயம்தான், ஆனால் அதெல்லாம் கூட்டத்தில் பேசவேண்டியது. பலகைக்கு முன்னால் நிற்கிற ஆறாம் தரப் பிள்ளைக்குத் தெரியவேண்டியது எப்போது, எங்கே, யார் வரவேண்டும், என்ன செய்யவேண்டும் என்பதுதான்.

கடைசியில் இருவரும் சேர்ந்து இப்படி எழுதினோம்:

அறிவித்தல்
15.07.2024
சிறப்புக் காலைக் கூட்டம்

சுவாமி விபுலானந்தர் நினைவு தினத்தை முன்னிட்டு எதிர்வரும் 19.07.2024 வெள்ளிக்கிழமை காலை 7.30 மணிக்குப் பிரதான மண்டபத்தில் சிறப்புக் காலைக் கூட்டம் நடைபெறும். தரம் 6 முதல் 11 வரையான மாணவர்கள் அனைவரும் 7.20 மணிக்குள் சமுகமளிக்க வேண்டும். பேச்சு, பாடல் நிகழ்ச்சிகளில் பங்குபற்ற விரும்புவோர் 17.07.2024க்கு முன் கீழே ஒப்பமிட்டவரிடம் பெயரைப் பதிவு செய்யவும்.

(ஒப்பம்)
செயலாளர்
தமிழ் மன்றம்

"அன்பார்ந்த மாணவர்களே", "இப்படிக்கு" இரண்டும் போயிற்று, அவை கடிதத்துக்கு உரியவை. உள்ளடக்கம் ஐம்பது சொல்லுக்குள் நின்றது.

பிறகு அவள் ஒன்று கேட்டாள். "சேர், எங்கட ஸ்கூல் நோட்டீஸ் போர்டில அதிபரும் சைன் வைக்கிறவர்தானே, இதில வேண்டாமா?" கேள்வி சரிதான், பலகையில் ஒட்டுவதற்கு அதிபரின் அனுமதி வேண்டும், அந்த ஒப்பம் அதற்காக. வினா செயலாளரைத்தான் எழுதச் சொல்கிறது, அதனால் விடையில் அவருடைய ஒப்பம் மட்டும் போதும். "அதிபர் என்ற வகையில்" என்று கேட்டிருந்தால் அடியில் அதிபர் வருவார், கூடவே "கீழே ஒப்பமிட்டவரிடம் பெயரைப் பதிவு செய்யவும்" என்ற வரியையும் மாற்றவேண்டும், பேச்சுக்குப் பெயர் கொடுக்கப் பிள்ளைகள் அதிபரின் அறைக்குப் போவதில்லை, மன்றச் செயலாளரிடம்தான் போவார்கள்.