வெங்காயத்துக்கு நேரம் சொல்வது யார்?

கோப்பாயில் அக்கா வீட்டுக்குப் போன ஒரு ஞாயிறு, மருமகன் நாங்கள் செய்து வெளியிட்ட விவசாய விளையாட்டைப் போனில் திறந்து காட்டினான். எட்டு மணித்தியாலத்தில் விளையவேண்டிய சின்ன வெங்காயத்தைக் காலைக்குள் நாலு தரம் கிண்டி வைத்திருந்தான்.

"மாமா, போனில நேரத்தைத் தள்ளி வைச்சா உடன விளைஞ்சிடும். உங்களுக்குத் தெரியாதே?"

தெரியும். ஆனால் கவலைப்படவில்லை. நட்ட நேரத்தை போன் கடிகாரத்திலிருந்து எடுத்துச் சேமிப்பது, திறக்கும்போது திரும்பவும் அதையே கேட்டுக் கழிப்பது, அவ்வளவுதான் எங்கள் கணக்கு. தோட்டத்துக்குள் மட்டும் என்றால் இந்தக் கள்ளத்தை விட்டுவிடலாம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் எங்கள் விளையாட்டில் எல்லோரும் விற்கும் சந்தை இருந்தது. அவன் கிண்டிய வெங்காயம் அங்கே குவிந்தால், நியாயமாகக் காத்திருந்தவனின் வெங்காயத்துக்கு விலை விழும்.

முதலில் ஒரு காவல் விதி போட்டேன். விளையாட்டு கண்ட மிகப் பிந்திய நேரத்தைக் குறித்துவைக்கும். கடிகாரம் அதற்குப் பின்னால் போனால் பயிர் வளராது. முன்னே தள்ளிக் கிண்டிவிட்டுப் பின்னே இழுப்பவனை இது மடக்கும். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

சில கிழமை கழித்துச் சாவகச்சேரியில் இருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை எழுதினா: "தம்பி, என்ர மிளகாய் மூண்டு நாளா அப்பிடியே நிக்குது." சேமிப்புக் கோப்பைப் பார்த்தால் கடைசியாகக் கண்ட ஆண்டு 2031. பழைய போன், பற்றரி முற்றாக இறங்கித் திகதி அழிந்திருக்கிறது. கையால் வைத்தபோது 2021க்குப் பதில் 2031 விழுந்துவிட்டது. அன்றைக்கு ஒருக்கால் தோட்டத்தைத் திறந்து பார்த்திருக்கிறா, பிறகு திகதியைத் திருத்தியிருக்கிறா. அந்த மிளகாய் இனிப் பத்து வருடம் நிற்கும். கள்ளனுக்கு வைத்த பொறி அவவின் காலில் விழுந்தது.

ஆகவே கடிகாரம் பொய் சொல்கிறதா என்று ஆராய்வதை விட்டு, அதைக் கேட்காமலே இருக்க வழி பார்த்தோம். இணைய இணைப்பு இருக்கும்போது நேரத்தை எங்கள் சேர்வர் சொல்லும். இணைப்பு இல்லாதபோது, அன்ட்ரொயிட் போனுக்குள் இன்னொரு எண்ணி இருக்கிறது: போன் தொடங்கியதில் இருந்து எவ்வளவு நேரம் ஓடியது என்பதை மட்டும் எண்ணுவது. அமைப்புகளில் திகதியை எப்படி மாற்றினாலும் அது அசையாது.

```
now = serverTime + (elapsedRealtime() - elapsedAtSync)
```

மருமகன் இரவு 9 மணிக்கு வெங்காயம் நடுகிறான் என்று வையுங்கள். அப்போது சேர்வரின் நேரம் 21:00, எண்ணியில் 40,000 விநாடி. இரண்டையும் ஒன்றாகக் குறித்துக்கொள்கிறோம். பத்து நிமிடம் கழித்துக் கடிகாரத்தை விடியப்புறம் 5 மணிக்குத் தள்ளுகிறான். எண்ணி 40,600தான் காட்டும். ஓடியது 600 விநாடி; வெங்காயத்துக்கு இன்னும் ஏழு மணி ஐம்பது நிமிடம். தண்டனையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. தள்ளியதால் ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

இதிலும் ஒரு தடவை சறுக்கினேன். `elapsedRealtime()` என்று இருக்கவேண்டிய இடத்தில் `uptimeMillis()` எழுதிவிட்டேன். போன் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போனால் இரண்டாவது எண்ணுவதை நிறுத்திவிடும். கணினியோடு வயரில் தொடுத்தபடியே சோதித்ததால் என் போன் உறங்கவேயில்லை, பிழையும் தெரியவில்லை. வயரைக் கழற்றித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால், இரவு முழுக்க வளரவேண்டிய பயிர் அரைவாசிகூட வரவில்லை.

மிச்சமிருந்த சிக்கல், போனை அணைத்துத் திரும்பப் போட்டால் இந்த எண்ணி பூச்சியத்தில் இருந்து தொடங்குவது. அணைந்து கிடந்த நேரம் எவ்வளவு என்று போனுக்குள் நம்பத்தக்க சாட்சி இல்லை. அதற்காகக் கடிகாரத்தை நம்பினால் மருமகன் போனை அணைத்துப் போட்டு வெல்வான். எனவே இணைப்பு இல்லாதபோது நிரூபிக்கக்கூடிய நேரத்தை மட்டும் பயிருக்குக் கொடுக்கிறோம். அணைந்திருந்த நேரத்தைச் சேர்வரோடு பேசியதும் சேர்த்துவிடுகிறோம். ஒருவருக்கும் நட்டமில்லை, கொஞ்சம் தாமதம்.

திகதி பல வருடம் தள்ளிப் பிழையாக இருக்கும் போனுக்கு அந்தப் பேச்சும் கிடைக்காது. சேர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானது போலவோ இன்னும் தொடங்காதது போலவோ தெரிவதால் இணைப்பே மறுக்கப்படும். அப்படிப்பட்ட இடத்தில் 'இணையம் இல்லை' என்று காட்டினால் டீச்சர் போன்றவர்கள் றவுட்டரைத்தான் கழற்றிப் பூட்டுவார்கள். 'உங்கள் போனின் திகதியைப் பாருங்கள்' என்று மாற்றினோம்.

பாதுகாப்புத் தடைகளை நீக்கி றூட் செய்த போனில் எண்ணியையும் ஏமாற்றலாம். அதனால் சந்தையில் விற்கும்போது மட்டும் அறுவடையைச் சேர்வர் தன் நேரத்தோடு ஒருதரம் சரிபார்க்கும்.

புதிய பதிப்பை மருமகனிடம் கொடுத்தேன். இரண்டு நாளில் போன் எடுத்தான்.

"மாமா, போனை நிப்பாட்டி வைச்சா வெங்காயமும் நிண்டிடுது."

"டேட்டாவைப் போட்டுப் பார், வந்திடும்."

"டேட்டா முடிஞ்சுது. ஒரு ரீலோட் போட்டு விடுங்கோவன்."