மணத்தக்காளி வற்றல் குழம்பை ஆங்கிலத்தில் எழுதப் பட்ட பாடு

சமையல் நிகழ்ச்சி ஒன்றின் சில பகுதிகளை ஆங்கிலச் செய்முறைகளாக எழுதித் தரும்படி சென்னைப் பதிப்பகம் ஒன்று என்னிடம் கேட்டிருந்தது. வெளிநாட்டில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும், தமிழ்க் குடும்பங்களில் மருமகளாகவோ மருமகனாகவோ சேர்ந்த பிற நாட்டவரும் பார்த்துச் சமைப்பதற்கான தொகுப்பு அது. தொலைக்காட்சியின் அனுமதிக் கடிதம் தடையின்றி வந்தது; நிகழ்ச்சியைக் கேட்டு எழுதும் வேலையும் சுலபமாக முடிந்தது. என்னைப் பாடாய்ப் படுத்தியது மணத்தக்காளி வற்றல் குழம்புக்கான பொருள் பட்டியல்தான்.

பட்டியலில் தமிழ்ப் பெயர் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது பதிப்பகத்துப் பொறுப்பாசிரியரின் பிடிவாதம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மணத்தக்காளி வற்றலை ‘உலர்ந்த பிளாக் நைட்ஷேட்’ என்றும், நல்லெண்ணெயைச் ‘செசமி ஆயில்’ என்றும், குழம்பு மிளகாய்த்தூளைச் ‘சில்லி பவுடர்’ என்றும் மாற்றி, அமெரிக்காவில் சோதனைச் சமையல் செய்து பார்க்கும் பெண்மணிக்கு அவர் அனுப்பிவிட்டார். அகராதியைப் புரட்டினால் மூன்றுக்கும் ஆதாரம் கிடைக்கும். ஆனால் அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு அமெரிக்கக் கடைக்குப் போனவர் வாங்கி வந்தது எதுவும் வற்றல் குழம்புக்கு உரியதாக இல்லை.

முதல் பெயரைப் பார்த்ததுமே அவர் பயந்துபோனார். நைட்ஷேட் என்றவுடன் அவருக்கு நினைவு வந்தது பெல்லடோனா என்னும் கொடிய நச்சுச்செடி. அதுவும் மணத்தக்காளியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும் வேறு வேறு பேரினங்கள். அவர் பயந்ததில்கூட எனக்குக் கவலை இல்லை. துணிச்சல்காரர் யாராவது தம் வீட்டுப் பின்புறத்தில் தானாக முளைத்த செடியில் காயைப் பறித்து உலர்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆகவே பெயரை மீண்டும் Manathakkali vathal என்றே எழுதி, மோரிலும் உப்பிலும் ஊறவைத்து வெயிலில் உலர்த்திய, மிளகைவிடச் சற்றுப் பெரிய, கசப்புள்ள காய் என்று அதே வரியில் விளக்கினேன். இந்தியக் கடையில் பொட்டலமாக மட்டும் வாங்க வேண்டும், செடியிலிருந்து பறிக்கக் கூடாது என்பதையும் சேர்த்தேன். எழுத்துக்கூட்டலை நானாக முடிவு செய்யவில்லை. மயிலாப்பூர் மாட வீதிக் கடைகளில் பொட்டலங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அச்சில் அதிகம் தென்பட்ட வடிவத்தை எடுத்துக்கொண்டேன். பல்கலைக்கழக ஒலிபெயர்ப்பு முறைப்படி புள்ளியும் கோடும் போட்டு எழுதினால் வாசகர் அதைக் கடைக்காரரிடம் எப்படிக் காட்டுவார்?

நல்லெண்ணெய் விஷயம் இன்னும் மோசம். அமெரிக்கப் பலசரக்குக் கடையில் செசமி ஆயில் என்று எளிதில் கிடைப்பது எள்ளை வறுத்து ஆட்டிய, கரும்பழுப்பு நிறச் சீன எண்ணெய். சமையலின் முடிவில் மணத்துக்காக அதைச் சில சொட்டுகள் விடுவார்கள். நமது எண்ணெயோ வறுக்காத எள்ளில் ஆட்டியது, செக்கில் கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து எடுப்பது, வெளிர் மஞ்சளாக இருப்பது. வற்றல் குழம்புக்குக் கால் கப் எண்ணெய் என்று நிகழ்ச்சியில் சொன்னதை அந்தப் பெண்மணி அப்படியே கடைப்பிடித்து, கால் கப் வறுத்த எள்ளெண்ணெயில் கடுகு தாளித்திருக்கிறார். வீடு முழுவதும் கருகல் வாடை என்று எழுதியிருந்தார். இப்போது பட்டியலில் Gingelly oil என்று எழுதி, இந்தியக் கடைப் புட்டிகளில் இருக்கும் பெயர் இதுதான் என்றும், கிடைக்காவிட்டால் வறுக்காத எள்ளெண்ணெய் என்று குறிப்பிட்டதை வாங்கலாம் என்றும், நிறம் கறுத்திருந்தால் வாங்க வேண்டாம் என்றும் குறித்திருக்கிறேன்.

மிளகாய்த்தூளுக்காகத்தான் ஒரு பிற்பகல் முழுவதும் வீணானது. அமெரிக்காவில் சில்லி பவுடர் என்ற பெயரில் விற்பதில் மிளகாயோடு சீரகமும் ஆரிகானோவும் பூண்டுத்தூளும் கலந்திருக்கும். அதைப் புளியில் கொதிக்கவிட்டால் பீட்சாக் கடை மணம்தான் வரும். சரி, நிகழ்ச்சியில் போட்ட பொடியின் விகிதத்தையாவது கேட்டு எழுதலாம் என்றால், சமைத்தவர் பெயர் ஒட்டாத எவர்சில்வர் டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி எடுத்துப் போட்டு, ‘நம்ம வீட்டுக் குழம்புப் பொடி’ என்று சொல்லி முடித்துவிட்டார். கோடம்பாக்கத்தில் இருந்த தயாரிப்பு அலுவலகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போயும், வரவேற்பில் இருந்தவர் என்னை நெடுநேரம் உட்காரவைத்து, ‘அது அவங்க வீட்டு ரகசியம் மேடம், நாங்க சொல்ல முடியாது’ என்று திருப்பி அனுப்பினார். படி இறங்கும்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் பேச்சுக்கொடுத்ததில், ‘ரகசியமாவது ஒண்ணாவது, ரெண்டு பங்கு மல்லி, ஒரு பங்கு மிளகா, கொஞ்சம் தொவரம்பருப்பு, வெந்தயம், அவ்ளோதாம்மா’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இந்தக் காரியத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பெரிய வெற்றி அதுதான். ஆங்கிலத்தில், ஒரு மேசைக்கரண்டி குழம்புப் பொடிக்குப் பதிலாக இரண்டு தேக்கரண்டி மல்லித்தூளும் ஒரு தேக்கரண்டி தனி மிளகாய்த்தூளும் போடலாம் என்று எழுதினேன். பொடியில் உள்ள பருப்புதான் குழம்புக்குக் கெட்டித்தன்மை தரும் என்பதால், பதிலிப் பொடி போடுபவர்கள் கடைசியில் ஒரு தேக்கரண்டி அரிசிமாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும்.

புளியின் அளவை நான் முன்பே கவனித்து மாற்றியதால் அது மட்டும் தப்பியது. நிகழ்ச்சியில் ‘எலுமிச்சம்பழ அளவு’ என்றார்கள். நம் ஊர் எலுமிச்சை சிறியது, அமெரிக்காவில் லெமன் என்றால் கிட்டத்தட்ட இரு மடங்கு இருக்கும். அந்த அளவுக்குப் புளி கரைத்தால் குழம்பை வாயில் வைக்க முடியாது. நெல்லிக்காய் அளவு என்று சொல்லியிருந்தால் கதை தலைகீழ், ஏனென்றால் மேல்நாட்டு கூஸ்பெர்ரி நம் பெருநெல்லியைவிடச் சிறியது. எனவே பழத்தின் பெயரையே விட்டுவிட்டுப் புளியை உருட்டித் தராசில் வைத்தேன். சுமார் 30 கிராம் வந்தது. கட்டிப் புளிக்குத்தான் இந்த எடை பொருந்தும், புட்டியில் வரும் புளிவிழுதின் செறிவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்றும் எழுதினேன்.

விளம்பர இடைவேளை விழுங்கிய நேரத்தையும் மீட்க வேண்டியிருந்தது. இடைவேளைக்கு முன் நீர்த்திருந்த குழம்பு, திரும்பி வந்ததும் கெட்டியாக, மேலே எண்ணெய் மிதக்க நின்றது. வீட்டில் செய்து பார்த்துச் சிறு தீயில் 20 நிமிடம் என்று எழுதினாலும், எண்ணெய் ஓரங்களில் பிரிந்து நிற்பதே அடையாளம் என்பதை முதலில் வைத்தேன்.

பொருள்களை விளக்கத் தனிப் பக்கம் ஒன்று புத்தகத்தின் பின்னால் வரும், பட்டியலில் விளக்கம் எதற்கு என்று பொறுப்பாசிரியர் கேட்டார். சோதனைச் சமையல் அறிக்கையையே அவருக்குத் திருப்பி அனுப்பினேன். அதன் பிறகு தமிழ்ப் பெயர்களுக்குத் தடை சொல்லவில்லை. ஆனால் கடைசி மெய்ப்பில் உப்பைப் பற்றிய வரியை இடம் போதவில்லை என்று நீக்கியிருந்தார். வற்றலிலேயே உப்பு இருப்பதால் முதலில் அரைத் தேக்கரண்டி மட்டும் போட்டு, வற்றலைச் சேர்த்துக் கொதித்த பின் ருசி பார்த்துத் தேவையானதைச் சேர்க்க வேண்டும் என்னும் அந்த வரி போனால், சமைப்பவர் பட்டியலில் உள்ள உப்பை மொத்தமாகக் கொட்டிவிடுவார். அலங்காரப் படத்தைச் சிறிதாக்கச் சொல்லி அந்த வரியைத் திரும்பச் சேர்த்த பிறகுதான் மெய்ப்பில் கையெழுத்திட்டேன்.